ஒன்பது மணி அறிவிப்பும் அதற்கு முன்பே ஏறிய விலையும்: ஒரு குட்டிக் காயினின் நிகழ்வு ஆய்வு

ஒரு சனிக்கிழமை இரவு சரியாக 9 மணிக்கு, தமிழில் நடக்கும் ஒரு டெலிகிராம் குழுவில் சொலானா பிளாக்செயினில் ஓடும் ஒரு குட்டிக் காயினின் முகவரி வந்து விழுந்தது. 9.40-க்கு அதன் விலை ஒன்பது மடங்காகியிருந்தது. பத்தரைக்குப் பார்த்தால் உச்சத்திலிருந்து 94 சதவீதம் கீழே. சென்னை ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் 9.34-க்கு 600 டாலர் போட்டிருந்தான். பத்தரைக்கு அது 42 டாலர்.

மறுநாள் பெருங்குடியில் என் வீட்டில் உட்கார்ந்து, அந்த ஒரு வாரத்தின் பரிவர்த்தனைகள் எல்லாவற்றையும் இறக்கி வரிசையாகப் பார்த்தோம். இங்கே காயினின் பெயரைச் சொல்லவில்லை; எண்களைக் கணக்குப் போட வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். விலை, கைமாறிய தொகையான வால்யூம், பேச்சு ஆகிய மூன்றும் எந்த வரிசையில் நகர்ந்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல காயினும் மோசடிக் காயினும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரே கடிகாரத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் வெளியே வருகிறது.

முதலில் பூல். இந்த மாதிரிக் காயின்களுக்கு எதிரே நின்று வாங்கவோ விற்கவோ ஆள் தேவையில்லை. ஒரு பக்கம் சொலானா, மறுபக்கம் காயின் என்று இரண்டையும் போட்டு வைத்த ஒரு பூலோடுதான் வியாபாரம். சாதாரண வகைப் பூலில் விலையை நிர்ணயிப்பது இதுதான்:

```
x * y = k
விலை = x / y
```

x என்பது பூலில் இருக்கும் சொலானாவின் டாலர் மதிப்பு, y என்பது பூலில் இருக்கும் காயின்களின் எண்ணிக்கை. யாராவது வாங்கினால் x கூடும், y குறையும்; பெருக்கல் தொகை மாறாது. நம் காயினின் மொத்த எண்ணிக்கை 100 கோடி. அதில் 60 கோடி காலக்கெடு போட்டுப் பூட்டப்பட்டிருந்தது, மீதி 40 கோடி பூலில், எதிரே 10,000 டாலர். விலை 0.000025 டாலர். ஐந்து வாரமாக அந்த விலையிலேயே கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தது.

சித்தி மகன் பார்த்த சார்ட்டில் அப்படித்தான் தெரிந்தது: நெடுநாள் தரையோடு தரையாக ஒரு கோடு, சனி இரவு செங்குத்தாக ஒரு ஏற்றம். "இப்பத்தான் ஸ்டார்ட் ஆகுதுன்னு நினைச்சேன் அண்ணே" என்றான். சார்ட்டின் மூலையில் இருக்கும் Log பொத்தானை அழுத்தியதும் படம் மாறிவிட்டது. சாதாரண அளவில் 0.0009 என்ற உச்சத்துக்குப் பக்கத்தில் 0.000025 என்பதும் 0.0001 என்பதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் தெரியும். அந்த நான்கு மடங்கு ஏற்றம், படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மடங்கு ஏற்றத்துக்கும் சம உயரம் தரும் லாக் அளவிலோ அதுவே ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்போதுதான் தெரிந்தது, விலை செவ்வாய்க்கிழமையே ஏறத் தொடங்கி வெள்ளி மதியத்துக்குள் நான்கு மடங்காகிவிட்டது என்று. குழுவில் பெயர் வந்தது அதற்கு மறுநாள் இரவு.

அந்த நான்கு நாள் ஏற்றத்தின் வடிவமும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு 15 நிமிட விலை நகர்வையும் ஒரு பட்டையாகக் காட்டும் கேண்டில்களில் பார்த்தால் படிப்படியாக ஏறியிருக்கிறது: கொஞ்சம் மேலே, சில மணி நேரம் சமமாக, மறுபடி கொஞ்சம் மேலே. இறக்கமே கிட்டத்தட்ட இல்லை. தற்செயலாக ஆள் சேரும் காயினில் வாங்குபவர்களில் சிலர் இருபது சதவீத லாபத்துக்கே விற்றுவிட்டுப் போவார்கள், அதனால் சிவப்பு கேண்டில்கள் நடுநடுவே வரும். இங்கே வாங்கியவர் எவரும் விற்கவில்லை. நான்கு மடங்கு லாபத்திலும் ஒருவர்கூட விற்காமல் இருந்தால், அவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இறக்கமில்லாத சார்ட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: விற்கவே முடியாதபடி காயின் எழுதப்பட்டிருக்கலாம். 2021 நவம்பர் 1 அன்று ஸ்க்விட் என்ற காயின் 2,861 டாலர் வரை போய் நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனது அந்த வகைதான். அதை வாங்கியவர்கள் பலரால் விற்க முடியவில்லை. நம் காயினில் விற்பதற்குத் தடை இல்லை. முதற்கட்டச் சோதனையாகச் சின்னத் தொகை ஒன்றை வாங்கி உடனே விற்றுப் பார்க்கலாம்.

சரி, அந்த நான்கு நாளில் வாங்கியது யார்? சொலானாவின் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய சோல்ஸ்கேன் தளத்தில் வரிசையாக எடுத்தோம். மொத்தம் 14 வாலட். ஒவ்வொன்றும் சராசரியாக 700 டாலர் சொச்சத்தை, இருபது முப்பது டாலர்களாகப் பிரித்து உள்ளே போட்டிருக்கிறது. மொத்தம் 10,000 டாலர். அந்தப் பணத்துக்குப் பூலிலிருந்து 20 கோடி காயின் கிடைத்தது. பூலில் மீதி 20 கோடி காயினும் 20,000 டாலரும். கணக்குப் போட்டால் விலை 0.0001. 14 வாலட்டும் அந்த வாரம்தான் பிறந்தவை. ஒவ்வொரு வாலட்டின் பக்கத்திலும் Funded by என்று ஒரு வரி இருக்கும், அதாவது முதல் பணம் எங்கிருந்து வந்தது என்பது. பதினான்கிலும் ஒரே முகவரி.

இந்த ஒரு வரியைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் சார்ட் வடிவங்கள் பலவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. பணத்தை ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக ஒவ்வொரு வாலட்டுக்கும் எடுத்தால் எல்லாவற்றிலும் எக்ஸ்சேஞ்சின் பெயர்தான் நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது பணம் வந்த நேரத்தையும் தொகையையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு புது வாலட்டுக்கு ஒரே அளவில் பணம் வந்திருந்தால் அது ஒரே கையின் வேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

குழுவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த 60 கோடிப் பூட்டைத்தான். "டெவலப்பர் காயின் லாக்ல இருக்கு, டம்ப் பண்ணவே முடியாது" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள். உண்மைதான், அந்த 60 கோடி கடைசி வரை நகரவே இல்லை. விற்றது 14 சின்ன வாலட்டுகள். முதல் பத்து ஹோல்டர் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை சதவீதம் போலத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால் பூட்டாத காயினில் பாதி அவர்கள் கையில். பூலின் உரிமைச் சீட்டான எல்பி டோக்கன் பூட்டப்படவில்லை, எரிக்கப்படவும் இல்லை. அதை வைத்திருப்பவர் பூலின் பணத்தை எந்த நேரமும் எடுத்துவிடலாம். குழுவில் பெரும்பாலோர் அதைக் கேட்கவே இல்லை.

அப்புறம் வால்யூம். வெள்ளி இரவு 10 மணியிலிருந்து சனி காலை 8 மணி வரை, பத்து மணி நேரத்தில் 3,000 பரிவர்த்தனை, 6 லட்சம் டாலர் வால்யூம். அதனால்தான் காயின்களின் விலையையும் வால்யூமையும் காட்டும் டெக்ஸ் ஸ்கிரீனர் தளத்தின் டிரெண்டிங் பட்டியலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த நேரத்தில் பூலின் இரு பக்கத்தையும் கூட்டித் திரை காட்டிய லிக்விடிட்டி 40,000 டாலர். வால்யூம் அதைப்போல பதினைந்து மடங்கு. இந்த விகிதம் மட்டும் குற்றம் சாட்டப் போதாது. சூடுபிடித்த எந்தக் காயினிலும் ஒரு நாளில் இது வரலாம். சந்தேகம் உறுதியானது மற்ற விவரங்களில். டெக்ஸ் ஸ்கிரீனரில் MAKERS என்று ஒரு எண் இருக்கும், எத்தனை வெவ்வேறு வாலட் வியாபாரம் செய்தது என்பது. இங்கே 40. ஒரு வாலட்டுக்கு 75 பரிவர்த்தனை. பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கிப் பார்த்தால் எல்லாம் 180 முதல் 220 டாலருக்குள். ஒரு வாங்கல், ஒரு விற்பனை, சராசரியாகப் பன்னிரண்டு வினாடிக்கு ஒன்று. தூங்கும் நேரத்திலும் வேகம் குறையவில்லை.

சார்ட்டிலும் இது தெரியும். 20,000 டாலர் உள்ள பக்கத்தில் 200 டாலருக்கு வாங்கினால் விலை 2 சதவீதம் ஏறும், அதே தொகைக்கு விற்றால் பழைய இடத்துக்கு வரும். ஆகவே அந்தப் பத்து மணி நேர கேண்டில்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ரம்பத்தின் பற்களைப் போல நிற்கின்றன. ஆறு லட்சம் டாலர் கைமாறியும் விலை எந்தப் பக்கமும் போகவில்லை. உண்மையான ஆட்கள் அவ்வளவு பணத்தை அவ்வளவு சின்னப் பூலில் போட்டால் விலை எங்காவது ஓடியிருக்கும்.

இந்தப் போலி வால்யூமுக்குச் செலவாகாதா என்று சித்தி மகன் கேட்டான். நல்ல கேள்வி. இந்தக் காயின் இருந்த ரேடியம் எக்ஸ்சேஞ்சின் பூலில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 0.25 சதவீதம் கட்டணம். 6 லட்சத்துக்கு 1,500 டாலர். ஆனால் அந்த 0.25-இல் 0.22 பூலுக்குப் பணம் போட்டவருக்கே திரும்பப் போகிறது. பூலுக்குப் பணம் போட்டவரும் வால்யூம் காட்டுபவரும் ஒருவராக இருந்தால் 1,320 டாலர் சட்டைப்பைக்கே திரும்பிவிடும். உண்மைச் செலவு 180 டாலரும் கொஞ்சம் நெட்வொர்க் கட்டணமும். பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலான செலவில் ஆறு லட்சம் டாலர் வால்யூம் காட்டலாம். பூட்டாத எல்பி டோக்கனுக்கும் வால்யூமுக்கும் உள்ள உறவு இதுதான். எல்பி எரிக்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டணம் பூலிலேயே தங்கிவிடும், போலி வால்யூம் கைப்பணத்தைத் தின்னத் தொடங்கும்.

இதெல்லாம் சில்லறைக் குழுக்களின் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூலிக்கு வால்யூம் காட்டும் நிறுவனங்களைப் பிடிக்க அமெரிக்க எஃப்பிஐ NexFundAI என்ற பெயரில் தானே ஒரு காயினை உருவாக்கியது. 2024 அக்டோபரில் பாஸ்டனில் அந்த வழக்குகள் வெளியே வந்தன.

பேச்சை அளக்க நாங்கள் செய்தது எளிது. காயினின் பெயரைத் தேடவில்லை. அதே பெயரில் பத்துக் காயின் இருக்கும். அதன் நீண்ட முகவரியை எக்ஸ் தளத்தில் ஒட்டி, நேர வரிசையில் கடைசி வரை கீழே போனோம். சனி இரவு 8.58-க்கு முன் ஒரே ஒரு பதிவுகூட இல்லை. நான்கு மடங்கு ஏறிய காயினைப் பற்றி நான்கு நாளில் உலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 8.58 முதல் 9.10 வரை எழுபதுக்கும் மேல் பதிவுகள், அதில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம், எமோஜி மட்டும் இடம் மாறியிருந்தது. டெலிகிராம் குழுவில் 18,000 உறுப்பினர். ஆனால் குழுவோடு இணைந்த சேனலில் அதற்கு முந்தைய வாரப் பதிவுகளைப் பார்த்தவர் எண்ணிக்கை 900-ஐத் தாண்டவில்லை. உறுப்பினர் எண்ணிக்கையை விலைக்கு வாங்கலாம், பார்வைகளையும் வாங்கலாம்தான், ஆனால் பழைய பதிவுகளுக்கு அந்தச் செலவைப் பலர் செய்வதில்லை.

எனக்கு மிகத் தெளிவான அடையாளமாகப் பட்டது ஒன்று உண்டு. அந்த நாற்பது நிமிடத்தில் குழுவில் ஒரு கேள்விகூட மிஞ்சி நிற்கவில்லை. உண்மையாகவே ஒரு காயின் பேசப்படும்போது "இது என்ன காயின்", "யார் பின்னால்", "இது ஃபிராடு" என்று நாலு பேர் சண்டை போடுவார்கள். இங்கே கேட்டவர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். சித்தி மகனின் நண்பன் ஒருவன், பெரம்பூரில் இருப்பவன், 9.15-க்கு "எல்பி லாக் ஆச்சா?" என்று கேட்டதற்காக வெளியே தள்ளப்பட்டிருக்கிறான்.

இனி பணம் போன வழி. 9 மணிக்குப் பூலில் 20,000 டாலர், 20 கோடி காயின். அடுத்த நாற்பது நிமிடத்தில் ஏறக்குறைய 700 பேர் சேர்ந்து 40,000 டாலர் உள்ளே போட்டார்கள், தலைக்கு 57 டாலர் போல. பூலில் இப்போது 60,000 டாலர், 6.67 கோடி காயின். விலை 0.0009. திரையில் மார்க்கெட் கேப் 9 லட்சம் டாலர் என்று வந்தது, அதாவது விலையை 100 கோடியால் பெருக்கிய எண், பூட்டிக் கிடந்த 60 கோடியையும் சேர்த்து. லிக்விடிட்டி 1,20,000 டாலர் என்று காட்டியது. குழுவில் இதையும் கொண்டாடினார்கள், லிக்விடிட்டி மூன்று மடங்காகிவிட்டது, டீம் பணம் சேர்க்கிறது என்று. யாரும் சேர்க்கவில்லை. திரை பூலின் இரு பக்கத்தையும் கூட்டிக் காட்டுகிறது. விலை ஏறினால் அந்தக் கூட்டுத்தொகை தானாக ஏறும். வெளியே எடுக்கக்கூடிய பணம் எப்போதும் அதில் பாதிக்குள்தான். 9 லட்சம் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட காயினிலிருந்து உலகத்தில் எல்லோரும் சேர்ந்து விற்றாலும் 60,000 டாலர்கூட எடுக்க முடியாது.

9.40-க்கு 14 வாலட்டும் விற்கத் தொடங்கின. முதல் ஆறு நிமிடத்தில் 6 கோடி காயின். அதற்கு மட்டும் 28,400 டாலர் கிடைத்தது, விலை 0.00025-க்கு வந்துவிட்டது, 72 சதவீதம் சரிவு. மீதி 14 கோடியைப் பத்தரை வரை பொறுமையாக விற்றதில் கிடைத்தது 16,600 டாலர்தான். கையிருப்பில் முப்பது சதவீதத்தை விற்றதிலேயே மொத்த வரவில் அறுபது சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. அவசரத்துக்குக் காரணம் இதுதான், ஒரு நிமிட சார்ட்டில் உச்சி கேண்டில் தலையில் நீண்ட மயிர்க்கோட்டோடு நிற்பதற்கும் அதுவே காரணம். அதே நேரத்தில் குழுவின் அட்மின் "ஷேக்அவுட் நடக்குது, யாரும் விக்காதீங்க, செகண்ட் லெக் வருது" என்று எழுதிக்கொண்டிருந்தார். டெக்ஸ் ஸ்கிரீனரில் அந்த ஆறு நிமிடத்தில் BUYS எண்ணிக்கை SELLS-ஐவிட அதிகம். நிறையப் பேர் சின்னச் சின்னதாக வாங்க, சில பேர் பெரிதாக விற்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்குப் பச்சை தெரிந்தது, தொகையைப் பார்த்திருந்தால் சிவப்பு தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன.

கணக்கை முடித்துவிடலாம். 10,000 போட்டு 45,000 எடுத்தார்கள். பூலில் 15,000 மீதி, அதில் 10,000 அவர்கள் முதலில் வைத்தது. ஞாயிறு அதிகாலை எல்பி டோக்கனைக் கொடுத்து அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக 700 பேர் போட்ட 40,000 டாலரும், கட்டணங்களைத் தவிர்த்துப் பார்த்தால், முழுதாகப் போய்விட்டது. நடுவில் விற்றுத் தப்பித்தவர்களின் லாபம் இன்னொரு வாங்கியவரின் கூடுதல் நஷ்டம்.

சித்தி மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வெள்ளிக்கிழமையே அந்த நாலு மடங்கைப் பார்த்து நாமளும் ஏறிட்டு, ஒன்பதரைக்கு இறங்கிட்டா?" என்று கேட்டான். பலர் கேட்பதுதான். பதிலைக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். கூட்டம் 40,000 போட்டது நமக்கு இப்போது தெரியும். 4,000 மட்டும் போட்டிருந்தால் விலை 0.000144 வரைதான் போயிருக்கும். அந்த இடத்தில் 14 வாலட்டும் விற்றால் அவர்களுக்கு 13,000 டாலர் வரும், போட்ட பத்தாயிரத்துக்கு அப்போதும் லாபம்தான். ஆனால் 0.0001-க்கு ஏறியவனின் காயின் 0.00003-இல் நிற்கும், எழுபது சதவீதம் நஷ்டம். எப்போது விற்பது என்று முடிவு செய்வது அவர்கள், எவ்வளவு கூட்டம் வரும் என்று தெரிவது அவர்களுக்கு. தவிர, இறங்கும்போது நம்மிடமிருந்து வாங்குவது பெரம்பூர்ப் பையனைப் போன்ற இன்னொருவன். அந்த லாபம் எனக்கு வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு நேராக 30 சதவீதம். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகவும் முடியாது. இப்படி விலையை ஏற்றி விற்கும் பத்துப் பம்பில் ஒன்பதில் தோற்று ஒன்றில் ஜெயித்தவர், ஜெயித்த ஒன்றுக்கு முழு வரி கட்டுவார்.

இதே முறையை இன்னொரு காயினில் போட்டுப் பார்த்தோம், வேண்டுமென்றே சந்தேகமாகத் தெரிந்த ஒன்றில். நெடுநாள் தரைக்கோடு, திடீர் ஏற்றம், லிக்விடிட்டியைப் போலப் பல மடங்கு வால்யூம், பிறகு எழுபது சதவீத சரிவு. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசலாக அதே படம். ஆனால் லாக் அளவில் ஏற்றத்துக்கு முன் ரகசியப் படிக்கட்டு இல்லை. முகவரியைத் தேடியபோது ஏற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பதிவுகள், அதில் கால்வாசி திட்டு. ஹோல்டர் எண்ணிக்கை விலைக்கு முன்பே கூடத் தொடங்கியிருந்தது. சரிவின்போது விற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாலட்டுகள், பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி வரலாறு. ஆட்கள் ஆசைப்பட்டு வாங்கி, பயந்து விற்ற காயின் அது. அதில் பணம் போட்டவருக்கும் நஷ்டம்தான், ஆனால் யாரும் திட்டமிட்டு எடுக்கவில்லை. சரிந்த காயினையெல்லாம் பம்ப் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மத்திய எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடப்பட்ட சின்னக் காயின்களுக்கு இந்த வேலையில் பாதியைச் செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே வாலட் தெரியாது. விலையும் வால்யூமும் ஆர்டர் புத்தகமும் மட்டும்தான். அப்போதும் லாக் சார்ட்டையும் முதல் பதிவின் நேரத்தையும் ஒப்பிடலாம். அறிவிப்புக்கு முன்பே ஏற்றம் வந்திருந்தால் யாருக்கோ முன்கூட்டித் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குச் சொல்லலாம், அது யார் என்று சொல்ல முடியாது.